மலையாளி என்றால் மலையாளமா?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடை. அரசு வேலைக்கான என் விண்ணப்பத்தைக் கடைக்காரர் நிரப்பி முடித்திருந்தார். புகைப்படமும் கையெழுத்தும் ஏறிவிட்டன. சரிபார்க்கும் பக்கம் வந்ததும், 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழிக்கு அவரே டிக் அடித்துவிட்டுச் சமர்ப்பிக்கப் போனார்.

"நிறுத்துங்க, நான் படிக்கணும்" என்றேன்.

"எல்லாம் கரெக்டா இருக்குதுங்க. ஜனம் நின்னுக்கினு இருக்குது பாருங்க."

நான் படித்தேன். தாய்மொழி: மலையாளம்.

"இன்னாங்க இது?"

"உங்க சர்டிபிகேட்டுல மலையாளின்னுதானே போட்டிருக்குது?"

அது கல்வராயன் மலையில் எங்கள் சாதியின் பெயர். அந்த ஆளிடம் இவ்வளவு நேரமும் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தேன். சமர்ப்பித்துவிட்டால் திருத்த முடியாது. நாளைக்குப் பொய் சொன்னவள் என்று என் கையெழுத்தைத்தான் காட்டுவார்கள், இவரை அல்ல.

முனகிக்கொண்டே மாற்றினார். "இப்பவாவது அனுப்பட்டுமா?"

"மறுபடியும் மேலருந்து காட்டுங்க."

காட்டினார். உறுதிமொழியில் டிக் அதற்குள் மறுபடியும் விழுந்திருந்தது. தாய்மொழி, தமிழ். அதற்கு அடுத்த வரியில், சொந்த மாநிலம்: கேரளா.