பியூலா அக்காவின் ரிட்டர்ன் டிக்கெட்

பழைய தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் யாருக்கு டிக்கெட் வேண்டுமானாலும் ஏனோக்கிடம்தான் வருவார்கள். பதினெட்டு வருடமாகத் தினமும் ரயிலில் பெங்களூர் போய்வரும் கணக்கெழுத்தர் அவர். ஒரு விஷயம் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

பக்கத்து வீட்டு பியூலா அக்காவின் மகள் மரியாவுக்குக் கோலாலம்பூரில் பிரசவம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். வியாழன் காலை விமானம்.

"திரும்பி வர்ற தேதி தெரியாதேப்பா. விசா இல்லாம போனா ரிட்டர்ன் டிக்கெட் கேப்பாங்களாமே?" என்றார் அக்கா.

"சும்மா பேப்பரைக் காட்டினா போதும்க்கா. நம்ம ரயில்ல இன்னா நடக்குது? 'பாஸ்'னு சொன்னா செக்கர் பாக்காமலே போயிடறாரு இல்ல?"

திரும்பும் பயணத்துக்கு ஒரு முன்பதிவை மட்டும் போட்டு, பணம் கட்டி டிக்கெட் எடுக்காமல், அந்தத் தாளை அச்செடுத்துக் கொடுத்தார். ஞாயிறன்று சபையில் அக்கா எழுந்து நின்று ஏனோக்குக்காகவும் ஜெபிக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை விமான நிலையத்தில் டிக்கெட் உள்ளவர்களைத்தான் உள்ளே விட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்ற ஏனோக்கின் போன் அடித்தது. அழைத்த அக்கா தன் போனைக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

"சார், நான் ஷில்பா. இதுல டிக்கெட் நம்பரே இல்லையே? பிஎன்ஆர் போட்டுப் பார்த்தேன், பணம் கட்டாததால கேன்சல் ஆயிருக்கு. முப்பது நாளைக்குள்ள மலேசியாவை விட்டுக் கிளம்பற கன்ஃபர்ம் டிக்கெட் வேணும். எந்த ஏர்லைன்ஸா இருந்தாலும் சரி, இந்தியாவுக்கோ வேற நாட்டுக்கோ, பரவாயில்ல. அது இல்லாம போர்டிங் பாஸ் குடுக்க முடியாது. இன்னும் நாப்பது நிமிஷத்துல கவுண்டர் மூடிடுவோம்."

ஏனோக் வாயைத் திறப்பதற்குள் அக்காவின் குரல் கேட்டது.

"என் தப்புதாம்மா. அவரு சரியாதான் குடுத்தாரு, நான்தான் பழைய பேப்பரை எடுத்தாந்துட்டேன்."

பின்னால் வரிசையில் யாரோ, "இன்னாம்மா, எங்களையும் நிக்க வெச்சுட்டியே!" என்றார்கள்.

பிழை தன்னுடையது என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல ஏனோக்குக்கு நாக்கு எழவில்லை. "அஞ்சு நிமிஷம்மா" என்று மட்டும் சொல்லி, அங்கேயே தள்ளுவண்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இருபத்தெட்டாம் நாளுக்கு வேறொரு நிறுவனத்தில் டிக்கெட் எடுத்தார். இந்த முறை டிக்கெட் நம்பர் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்த பிறகே அனுப்பினார். ஷில்பா அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்தார். கவுண்டர் மூட ஆறு நிமிடம் இருக்கும்போது போர்டிங் பாஸ் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் ஏனோக்கின் போனுக்குப் படம் வந்தது. குழந்தை. கீழே, 'உன்னாலதான்பா' என்று அக்கா எழுதியிருந்தார். அதைப் பக்கத்திலிருந்தவர்களுக்குக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை.

செக்கர் வந்தார். எல்லோரும் வழக்கம்போல "பாஸ்" என்றார்கள். ஏனோக் மட்டும் பாஸை எடுத்து, விரித்து நீட்டினார்.

"எனக்குத் தெரியாதா சார் உங்களை?" என்று சிரித்தார் செக்கர்.

"பாருங்க சார்," என்றார் ஏனோக். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.