ரசீது திறக்கும் இன்னொரு டேப்

வேங்கிக்காலில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். லாட்ஜ்களுக்கு அறை முன்பதிவு செய்யும் இணையதளத்தைக் கவனித்துக்கொள்கிறோம். அதைச் சோதிப்பது என் வேலை. ஒவ்வொரு பௌர்ணமிக் கிரிவலத்துக்கு முன்பும், ஒவ்வொரு வகை அறைக்கும் பதிவு செய்து, ரசீதைத் திறந்து, தொகையைப் பார்த்து, மறுபடி முதலிலிருந்து. விரல் மரத்துப்போகும். அதையெல்லாம் செலினியம் என்ற சோதனை மென்பொருள் தானாகச் செய்யும்படி நிரல் எழுதுகிறேன் என்று டீம் லீடரிடம் அனுமதி கேட்டு வாங்கியிருந்தேன்.

"சாயந்திரம் ஓட்டிக் காட்டும்மா. ஓடலைன்னா பழையபடி கையாலயே பாத்துடு" என்றிருந்தார்.

ஓடவில்லை. பிரவுசர் தானாகத் தேதியை நிரப்பியது, ரசீது இணைப்பைச் சொடுக்கியது. புதிய டேபில் ரசீது வந்தது. ஆனால் தொகை இருக்கும் இடமே கிடைக்கவில்லை என்று பிழை காட்டி நின்றது.

எங்கள் அலுவலகத்தில் எல்லாப் பிழைக்கும் ஒரே வைத்தியம்தான்.

"வெயிட் டைம ஜாஸ்தி பண்ணு, வந்துடும்" என்றார் பக்கத்து இருக்கை அக்கா.

கூட்டினேன். அவ்வளவு நேரமும் காத்திருந்துவிட்டு அதே பிழை. இன்னும் கூட்டினேன். நாங்கள் இருவரும் கன்னத்தில் கைவைத்து, எதிரே திறந்து கிடந்த ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எதிர்லயே நிக்குது, இதுக்குத் தெரியலையாம். கண்ணாடி வாங்கிக் குடுடி."

சிரிக்கத் தெம்பில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து அப்பா அழைத்தார்.

"கெளம்பிட்டியா? பஸ்ல கூட்டம் ஏறிடும்."

"இன்னும் முடியலப்பா."

"கம்ப்யூட்டர் தான செய்யுதுன்ன? நீ ஏன் ஒக்காந்திருக்க?"

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போக மனம் வரவில்லை.

நேரத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு, பிழை வரும் இடத்தில் நிரல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அதன் தலைப்பைத் திரையில் காட்டச் சொன்னேன். 'அறை முன்பதிவு' என்று வந்தது. பழைய டேப். புதிய டேப் நம் கண்முன் வந்தாலும், மாறச் சொல்லாதவரை செலினியம் பழையதிலேயே இருக்கும். எத்தனை நேரம் காத்திருந்தால் என்ன?

சொடுக்குவதற்கு முன்பே பழைய டேபின் அடையாளத்தைக் குறித்து வைத்தேன். சொடுக்கியபின் இரண்டாவது டேப் வரும்வரை காத்திருந்து, பழையது அல்லாத அடையாளத்துக்கு மாறச் சொன்னேன். தொகை கிடைத்தது.

"அப்பாடா" என்று அக்கா பையை எடுத்தார். அடுத்த வகை அறையின் பதிவுக்குப் போனதும் மறுபடி நின்றது: அப்படி ஒரு பிரவுசர் ஜன்னலே இல்லையாம். ரசீது டேபை மூடியிருந்தேன். பழையதற்குத் திரும்பச் சொல்லவில்லை. நிரல் மூடிய டேபிலேயே நின்றிருந்தது. ஒரு வரி சேர்த்தேன்.

எல்லா அறைகளும் ஓடி முடிந்ததை டீம் லீடர் நின்றபடியே பார்த்தார்.

"நல்லா போவுதே. இனிமே கையால வேணாம். மத்த லாட்ஜுங்களுக்கும் நீயே எழுதிடும்மா, நாளைக்கே ஆரம்பி."

"சரிங்க சார்" என்றேன். குரல் பெருமையாக வந்திருக்க வேண்டும், கொட்டாவியோடு வந்தது.