அப்பாவின் கணக்கில் ஒரு ரூபாய்

மதுரை தல்லாகுளத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் எனக்கு வேலை. அடுத்தவர்களின் பேங்க் ஸ்டேட்மெண்டை வரிவரியாகப் பார்த்து டிக் அடிப்பதுதான் என் பிழைப்பு. ஊரான் கணக்கெல்லாம் என் கையில், பெற்ற அப்பாவின் கணக்கு மட்டும் தம்பி பொண்டாட்டி கையில். அவள் இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. கரண்ட் பில், கேஸ், மாத்திரை எல்லாவற்றுக்கும் அவள்தான் பணம் கட்டுவாள். "அதெல்லாம் மருமக பாத்துக்கிரும்" என்று அப்பா பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே ஆனையூரில் அப்பா வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு வருமான வரி பார்க்க வேண்டும் என்று சொல்லி ஸ்டேட்மெண்டைக் கேட்டேன். வரியாவது கிரியாவது. அவள் எங்கேயாவது தப்புச் செய்திருக்க மாட்டாளா என்பதுதான் என் நோக்கம். அவளோ முகம் சுளிக்காமல் என் போனுக்கு அனுப்பிவிட்டு மீன் பொரிக்கப் போய்விட்டாள். பெரிய தொகை எதையும் விடாமல் மாதாமாதம் பார்த்துவிடுவதாக அடுப்படியிலிருந்தே சொன்னாள். அந்த மிதப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

பெரிய தொகைகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வெள்ளிக்கிழமை வரியில் கண் நின்றது. கார்டில் ஒரு ரூபாய் போயிருந்தது, கேள்விப்படாத ஏதோ ஆன்லைன் கடைக்கு. அடுத்த வரியில் அதே கடைக்கு இரண்டு ரூபாய். பேங்க் பிடித்தம் என்று யாரும் தாண்டிப் போகிற தொகைதான். ஆனால் கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க, திருடன் முதலில் சில்லறையைத்தான் எடுப்பான். அப்பாவின் போனை வாங்கி பேங்க் ஆப்பைத் திறந்து, பணம் அனுப்பச் சேர்த்து வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தேன். தெரிந்த பெயர்களோடு முந்தின நாள் ராத்திரி சேர்த்த புதுப்பெயர் ஒன்று இருந்தது. அவளுடைய தம்பியின் பெயர்.

உள்ளுக்குள் எனக்கு ஒரே குதூகலம். அப்பாவையும் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். "இது ஒன் தம்பிதான? மாமா கணக்குல அவனுக்கு என்ன வேல?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. "சத்தியமா நான் சேக்கல மதினி. தம்பிக்குன்னு மாமாகிட்ட ஒத்தப் பைசா வாங்குனதில்ல."

நான் விடவில்லை. அந்தப் பெயரைத் தொட்டு முழு விவரத்தையும் திறந்தேன். கணக்கு இருந்த கிளை வடக்கே ஏதோ ஒரு ஊரில். அவள் தம்பி ஒத்தக்கடையில் பழக்கடை வைத்திருப்பவன். சந்தேகம் வராமலிருக்க, மதுரைப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயராகப் பார்த்துத் திருடன் போட்டிருக்கிறான். திருடி அவளில்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்தது ஏமாற்றம். அதற்கப்புறம்தான் பயமே வந்தது.

அப்பாவின் மூட்டு ஆபரேஷனுக்கான பணம் மொத்தமும் அந்தக் கணக்கில்தான் கிடந்தது. புதிதாகச் சேர்த்த பெயருக்கு முதல் ஒரு நாள் பெரிய தொகை அனுப்ப அந்த பேங்க் விடாது. ராத்திரி ஆனால் அந்தத் தடையும் போய்விடும்.

போனில் புதிதாக எதையாவது ஏற்றினீர்களா என்று அப்பாவைக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். கேஒய்சி புதுப்பிக்க வேண்டும் என்று பேங்க் பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஆப் வந்ததாம். அது கார்டு நம்பரையும் பின் நம்பரையும் கேட்க, இவரும் போட்டுவிட்டார். இவர் போனுக்கு வந்த ஓடிபியை எல்லாம் அந்த ஆப் திருடனுக்கு அனுப்பியிருக்கிறது. பிறகு அவருக்கே சந்தேகம் வந்ததாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "மருமக திட்டும்னுதான்" என்றார். பயப்படுவதற்கும் அவருக்கு அவள்தான் கிடைத்தாள்.

அவர் போனை அணைத்துவிட்டு என் போனிலிருந்து பேங்குக்குப் பேசினேன். கார்டையும் நெட்பேங்கிங்கையும் முடக்கச் சொன்னேன். சைபர் கிரைம் உதவி எண்ணில் புகாரும் கொடுத்தேன். போனது மூன்று ரூபாயோடு நின்றது. "நல்ல நேரத்துல பாத்த பாப்பா" என்று அப்பா என் தலையில் கை வைத்தார். இத்தனை வருஷ எரிச்சலும் அந்தக் கையில் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை லீவு போட்டு அவரை பேங்குக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த மேடம் அந்தப் புதுப்பெயரை நீக்கினார். அப்பாவின் போனைச் சுத்தமாக அழித்துச் சரிசெய்யும்வரை அதே நம்பர் வேண்டாம், வீட்டில் நம்பிக்கையான ஒருவர் நம்பரைக் கணக்கில் சேர்க்கலாம் என்றார். நான் பேனாவை எடுத்தேன். அதற்குள் அப்பா பத்து இலக்கத்தையும் தடுமாறாமல் சொல்லிவிட்டார். என் நம்பர் அவருக்கு மனப்பாடமாகத் தெரியாது. போனில் என் படத்தைத் தொட்டுத்தான் கூப்பிடுவார்.

மேடம் தட்டச்சுச் செய்துவிட்டு என்னைப் பார்த்து, "போனை எடுத்துப் பாருங்கம்மா, ஓடிபி வந்திருக்கும்" என்றார்.

"எனக்கு வராது மேடம்" என்றேன். "நான் மக."