முதல் வரி

எதையும் அனுப்புவதற்கு முன் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வான் அந்த லிஃப்ட் மெக்கானிக். விரலில் கிரீஸ் இல்லாத நாளிலும் துடைப்பான். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் துடைத்துத் துடைத்துச் சட்டை நுனியே கசங்கிவிட்டது.

மகள் பிறந்திருந்தாள். மாமியார் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். இரைச்சலில் போனை எடுக்க மாட்டார். மனைவிக்குத் திடீரென்று ரத்த அழுத்தம் ஏறி ஆபரேஷன் ஆனது அவருக்கு இன்னும் தெரியாது. சும்மாவே பயப்படுகிற மனுஷி.

எழுதியதை அக்காவிடம் நீட்டினான். ‘அன்பு உறவுகளே’ என்று தொடங்கி, நெடுநாள் காத்திருப்பு, குட்டி இளவரசி, அவசர ஆபரேஷன், டாக்டருக்கு நன்றி என்று ஓடி, கடைசியில்தான் ‘தாயும் நலம்’ வந்தது.

“இது குழந்தை பொறந்த சேதியாடா, கட்சி அறிக்கையா?” என்றாள் அக்கா.

பாதியை வெட்டினான். ‘எங்கள் குட்டி இளவரசி வந்துவிட்டாள், நலம்’ என்று தொடங்கியது இப்போது. அக்கா தலையாட்டி, குடும்பக் குழுவில் போடச் சொன்னாள். அவனுக்கு விரல் வரவில்லை. குழுவில் போட்டால் எந்தப் பெரியப்பாவாவது மாமியாரைப் பிடித்து, ஆபரேஷனாமே என்று ஆரம்பித்துவிடுவார்.

வார்டுக்குள் போய் மனைவிக்குப் படித்துக் காட்டினான். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“இதுல நான் எங்கங்க? அம்மா போனைத் திறக்கமாட்டாங்க. மேல எட்டிப் பாக்குற முதல் வரிதான் அவங்களுக்கு. என்னை முதல்ல போடுங்க. என் போன்லேருந்தே அனுப்புங்க.”

அவள் சொல்லச் சொல்ல அடித்தான்:

‘நான் நல்லா இருக்கேன்மா.
பாப்பாவும் நல்லா இருக்கா. பொண்ணு, ரெண்டே முக்கால் கிலோ.
மெதுவா வாங்க.’

ஆபரேஷனைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்றாள். விரலைத் துடைத்து அனுப்பினான். போய்ச் சேர்ந்தது, படித்ததற்கான அடையாளம் மட்டும் வரவில்லை. வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி திரையைப் பார்த்தான். ஊரே வாழ்த்தக் காத்திருக்க, இவன் செய்தியை மடியில் கட்டிக்கொண்டு அலைகிறான் என்று அக்கா முணுமுணுத்தாள். அவங்க பார்க்கட்டும், அப்புறம் குழு என்றுவிட்டான்.

மாமியார் படியேறி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. நேரே மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

“பையனா, பொண்ணா மாப்பிள்ளை?”

மீதி வரிகளை அவர் படிக்கவே இல்லை. அப்போதுதான் குழுவுக்கு, ‘தாயும் மகளும் நலம். இன்று ஓய்வு, நாளை நாங்களே அழைக்கிறோம்’ என்று போட்டான்.

அவர் ஏன் மேற்கொண்டு படிக்கவில்லை என்பது குழந்தை தவழத் தொடங்கிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. வெகுநாள் முன்பு, மாமியாரின் தங்கை பிரசவத்தில் தவறிப்போன அன்று வீட்டுக்கு வந்த போன், “குழந்தை நல்லா இருக்கு” என்றுதான் ஆரம்பித்ததாம்.