ஹுமைரா தடுத்து வைத்த ஜன்னல்

அழுத்தினாலும் அசையாத இணையப் படிவங்கள் மேல் எனக்கு 2006இலிருந்தே கடுப்பு.

கும்மிடிப்பூண்டியில் ஹுமைரா என்ற பெண் பிரவுசிங் சென்டர் நடத்தினாள். நான் வெல்டர்; பள்ளியில் படிக்கும் ஒரு மகள் எனக்கு. துபாய் வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். படிவத்தை நிரப்பி, ‘அனுப்பு’ பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் போகவில்லை.

“இன்னாம்மா, கம்ப்யூட்டரா இது, தகர டப்பாவா?”

“தட்டிக்கினே இருக்காதீங்கண்ணே. மேல மஞ்சக் கோடு பாருங்க. ‘சரியா’ன்னு கேக்குற சின்ன ஜன்னல பாப்-அப் பிளாக்கர் தடுக்குது. கண்றாவி விளம்பரம் வருதேன்னு நான்தான் போட்டு வெச்சேன். பொண்ணுங்க வந்து ஒக்கார வேணாமா?”

அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தாள். பக்கம் மறுபடி திறந்தது. நான் நிரப்பியதெல்லாம் காலி. தலையில் கை வைத்துக்கொண்டேன்.

“சொல்லுங்கண்ணே, நான் அடிக்கிறேன்.”

அடித்தாள். இந்த முறை சின்ன ஜன்னல் வந்தது. ‘சரி’ கொடுத்ததும் பதிவு எண் வந்தது. நான் எழுவதற்குள் அந்த அனுமதியை எடுத்துவிட்டாள்.

வேலை கிடைத்தது. கிளம்பும்முன் சொல்லிக்கொள்ளப் போனேன். பெண்கள் யாரும் இன்னும் வரவில்லை; நாற்காலிகள் பாதி காலியாகத்தான் கிடந்தன.

“போறதுக்குள்ள உங்க பொண்ண ஒரு தபா இட்டுனு வாங்கண்ணே” என்றாள். “பயமில்லாம ஒக்காந்து பழகட்டும்.”