பில்லில் எழுதிய எழுபதாயிரம்

நான் பழைய மெஷின் வாங்கி விற்கிறவள். ஓசூரில், சிப்காட்டுக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் தகர ஷெட்டுகள் வரிசையாக வரும். அதில் ஒன்று என்னுடையது. வீட்டுக்காரர் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறார், ஷெட்டை நான் பார்க்கிறேன். லேத், டிரில்லிங் மெஷின், கம்ப்ரஸர் என்று சின்னப் பட்டறைக்காரர் ஒருவர் விற்பதை வாங்கி, பழுது பார்த்து, இன்னொரு சின்னப் பட்டறைக்காரருக்கு விற்பது என் பிழைப்பு. இதில் என்ன பெரிய அவமானம் வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். வந்தது. ஒழுங்காகப் பில் போட்டதால் வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊரில் ஜிஎஸ்டி நம்பர் இல்லாமல் இந்தத் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. அத்திப்பள்ளியிலிருந்தும் ஜிகணியிலிருந்தும் ஆட்கள் வந்து மெஷின் கேட்பார்கள். எல்லை தாண்டிக் கர்நாடகாவுக்கு ஒரு மெஷினை விற்க வேண்டும் என்றாலே பதிவு செய்தாக வேண்டும். செய்தேன். பதிவு செய்தால் முழு விலைக்கும் வரி வாங்க வேண்டுமே, பழைய மெஷினுக்கு யார் அவ்வளவு கொடுப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தபோது, எங்கள் ஆடிட்டர் அம்மாதான் மார்ஜின் முறையைச் சொல்லிக் கொடுத்தார்.

விஷயம் சுலபம். மெஷினைப் புதிதாக விற்றபோதே அதன் முழு விலைக்கும் ஒருமுறை வரி கட்டியாகிவிட்டது. கைமாறும்போதெல்லாம் மறுபடி முழு விலைக்கும் வாங்கினால் அது அநியாயம். அதனால் பழைய பொருள் வியாபாரி, தான் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். வாங்கியபோது கொடுத்த வரியை, கட்ட வேண்டிய வரியில் கழித்துத் திரும்ப எடுத்திருக்கக் கூடாது. பொருளின் தன்மையே மாறும்படி அதை வேறொன்றாக ஆக்கியிருக்கவும் கூடாது. நஷ்டத்துக்கு விற்றால் அந்தப் பொருளுக்கு வரி கிடையாது, ஆனால் அந்த நஷ்டத்தை அடுத்த மெஷினின் லாபத்தில் கழிக்க முடியாது. இவ்வளவுதான். கேட்டபோது, நம்மை மாதிரி ஆட்களை நினைத்தும் யாரோ ஒருவர் யோசித்திருக்கிறாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

காவேரிப்பட்டினத்துக்காரர் ஒருவர் எங்கள் பக்கத்தில் வாடகை ஷெட்டில் பட்டறை வைத்திருந்தார். ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின். ஜாப் ஆர்டர் குறைந்துகொண்டே வந்ததால் முதலில் லேத்தை விற்கிறேன் என்றார். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் பேசி முடித்தேன். நான் ஏமாற்றவில்லை. அவர் மூன்று பேரிடம் விலை கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார், அதில் என் விலைதான் அதிகம். கிரேன் வைத்துத் தூக்கி வந்து பார்த்தால் மோட்டார் சூடேறியது, பேரிங் சத்தம் போட்டது. மோட்டாருக்குக் காயில் கட்டி, பேரிங் மாற்றி, பெல்ட் மாற்றி, சுரண்டி பெயின்ட் அடித்து முடிப்பதற்குள், கிரேன் லாரிக் கூலியோடு சேர்த்து நாற்பத்தேழாயிரம் போய்விட்டது.

பேரிகையிலிருந்து வந்த ஒரு தம்பி அதை இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு எடுத்தான். புதிதாகப் பட்டறை தொடங்குகிறவன், ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவன். முழு விலைக்குப் பதினெட்டு சதவீத வரி என்றால் முப்பத்தேழாயிரத்து எண்ணூறு ஆகியிருக்கும். அவனால் அதை எங்கேயும் திரும்ப எடுக்கவும் முடியாது. மார்ஜின் முறையில் எழுபதாயிரத்துக்கு மட்டும் வரி, பன்னிரண்டாயிரத்து அறுநூறு. அவனுக்கு இருபத்தையாயிரம் மிச்சம். எனக்கு அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

பில்லில் மெஷினின் விலை இருக்கும். அதன் கீழே, வரிக்குரிய மதிப்பு எழுபதாயிரம் என்றும் இருக்கும். எந்தத் தொகைக்கு வரி என்று பில்லில் காட்ட வேண்டும் என்பது ஆடிட்டர் அம்மாவின் உத்தரவு. வேறு எந்த வியாபாரத்திலாவது, இந்தப் பொருளை நான் இவ்வளவு ஏற்றி விற்கிறேன் என்று வாங்குகிறவன் கையில் எழுதிக் கொடுப்பார்களா? ஜவுளிக்கடைக்காரர் கொடுப்பாரா? நகைக்கடைக்காரர் கொடுப்பாரா? நாங்கள்தான் கொடுக்கிறோம்.

அந்தத் தம்பிக்கு லேத்தில் போல்ட்டுக்கு மரை போடும்போது எந்தக் கியரை எங்கே மாட்டுவது என்று சந்தேகம். பழைய ஓனரைக் கேட்டால் சொல்வார் என்று நான்தான் காவேரிப்பட்டினத்துக்காரரின் நம்பரைக் கொடுத்தேன். அவரும் நல்ல மனிதர், பஸ் ஏறிப் பேரிகைக்கே போய்க் காட்டிக் கொடுத்திருக்கிறார். போன இடத்தில் பேச்சோடு பேச்சாக பில்லையும் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலையில் ஷெட் வாசலில் நின்றார். எப்போதும் என்னிடம் 'வாங்கம்மா, சொல்லுங்கம்மா' என்று பேசுகிறவர்.

"ஏம்மா, என் மெஷின்ல எழுபதாயிரம் அடிச்சிருக்கியே. மனசாட்சி வேணாமா?"

"அண்ணா, அது லாபம் இல்லீங்க. ரிப்பேர் செலவே நாப்பத்தேழாயிரம் ஆச்சு. பில்லெல்லாம் இருக்குது, காட்டறேன் உக்காருங்க."

"அப்ப உன் பில்லுல ஏன் எழுபதுன்னு போட்டிருக்குது? கவர்மென்டுகிட்ட பொய் சொல்லினு இருக்கியா, என்கிட்ட சொல்லினு இருக்கியா?"

அவர் உட்காரவில்லை. நான் எடுத்து வைத்த காயில் கடை பில்லையும் பேரிங் கடை பில்லையும் கையால் தொடவில்லை. பொம்பள கையில வியாபாரம் போனா இப்படித்தான் என்று, எனக்குக் கேட்கட்டும் என்றே முணுமுணுத்துவிட்டுப் போனார்.

நேராக ஆடிட்டர் அம்மாவின் ஆபீசுக்குப் போனேன்.

"ரிப்பேர் செலவை வாங்கின விலையோட சேத்து, மிச்சம் இருக்கறதுக்கு மட்டும் வரி போடுங்க மேடம். உண்மையான லாபம் இருபத்திமூணுதானே?"

"முடியாதும்மா. ரூல்ல இருக்கறது ரெண்டே ரெண்டு விலை. வாங்கினது, வித்தது. நடுவுல நீங்க செலவு பண்ணினது அதுல வராது."

"அப்ப நான் சம்பாதிக்காத நாப்பத்தேழாயிரத்துக்கும் சேத்து வரி. கூடவே திருடின்னு பேரு."

"முழு விலைக்குக் கட்டறதுக்கு இது எவ்வளவோ மேல் இல்லையா?"

மேல்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குச் சலுகை கொடுத்தவர்கள், அந்தச் சலுகையாலேயே என் மானம் போகும் என்று யோசிக்கவில்லை. என் செலவைக் கணக்கில் எடுக்காத ஒரு தொகையை என் கையாலேயே எழுத வைத்து, அதற்குக் கீழே என் கையெழுத்தையும் வாங்குகிறார்கள். படிக்கிறவன் அதை லாபம் என்றுதான் படிப்பான். வேறு எப்படிப் படிப்பான்?

பேச்சு டீக்கடை வழியாகப் பரவியது. இந்தத் தொழிலுக்கு விற்கிறவர் நம்பிக்கைதான் முதல். வாங்க மெஷின் கிடைக்காவிட்டால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். விலை பேசி வைத்திருந்த ஒரு கம்ப்ரஸர்காரர் போனை எடுக்கவில்லை. இன்னொருவர், "உங்க ரேட்டு நல்ல ரேட்டுதான், ஆனா நீங்க லாபம் ரொம்ப வைக்கறீங்களாமே" என்று நேராகவே கேட்டார். அந்த மாதம் ஷெட்டுக்குள் ஒரு மெஷின்கூட வரவில்லை. வீட்டுக்காரர், கொஞ்ச நாள் கம்பெனிச் சம்பளத்திலேயே சமாளிக்கலாம் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

காவேரிப்பட்டினத்துக்காரர் தன் மில்லிங் மெஷினையும் விற்க முடிவு செய்தார். வெட்கத்தை விட்டு நானே போய்க் கேட்டேன், ஒரு லட்சத்து முப்பதாயிரம் தருகிறேன் என்றேன். அவர் பதினையாயிரம் குறைத்து, ஒன்று பதினைந்துக்கு, என்னைப் போலவே பழைய மெஷின் வாங்கி விற்கிற பக்கத்து ஷெட்காரருக்குக் கொடுத்தார். பக்கத்து ஷெட்காரருக்கு ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, பில் புத்தகமும் இல்லை. எல்லாம் ரொக்கம். அவரிடம் வாங்கியவர்கள் யாரும் அவர் எவ்வளவு வைத்தார் என்று கேட்டதே இல்லை, கேட்டாலும் தெரியப்போவதில்லை. "அவரு நியாயமான ஆளு" என்று காவேரிப்பட்டினத்துக்காரர் டீக்கடையில் சொன்னதாக என் காதுக்கு வந்தது. பதினையாயிரத்தை விட்டுக் கொடுத்து அந்த நியாயத்தை வாங்கியிருக்கிறார்.

சில வாரங்கள் கழித்து மூன்று பேர் சேர்ந்து என் ஷெட்டுக்கு வந்தார்கள். பக்கத்து ஷெட்காரர், பேரிகைத் தம்பி, கூடவே காவேரிப்பட்டினத்துக்காரர். தம்பிக்கு வேலை பெருகியிருக்கிறது. மில்லிங் மெஷினும் எடுக்கிறான், மெஷினை ஓட்டிக் காட்டப் பழைய ஓனர் வந்திருக்கிறார். இந்த முறை பேங்க் லோன். பேங்கில் ஜிஎஸ்டி பில் கேட்கிறார்கள், பில் இல்லாமல் பணம் வராது.

"அக்கா, நீங்க ஒரு பில் போட்டுக் குடுத்தீங்கன்னா வேலை முடிஞ்சிரும்" என்றான் தம்பி.

"நான் வாங்காத மெஷினுக்கு நான் எப்படிப்பா பில் போடறது?"

பக்கத்து ஷெட்காரர் சிரித்தார். "அதுக்குத்தான் உங்க மார்ஜின் இருக்குதேம்மா. எங்கிட்ட இருந்து ரெண்டு அறுபதுக்கு வாங்கினதா எழுதிக்கோங்க. தம்பிக்கு ரெண்டு அறுபத்தஞ்சுக்கு வித்ததா பில் போடுங்க. ஐயாயிரத்துக்குத்தான் வரி, தொள்ளாயிரம் ரூபா. அதையும் நானே குடுத்துடறேன். அந்த ஐயாயிரம் உங்களுக்கு."

சொல்லும்போது பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதையே அவர் யோசிக்கவில்லை. ஒன்று பதினைந்துக்கு வாங்கிய மெஷின். பெயின்ட்டைத் தவிர வேறு எதையும் அதில் தொடவில்லை என்பது எங்கள் வரிசை முழுக்கத் தெரியும். ஒன்றரை லட்சம் வித்தியாசத்தை விழுங்கிவிட்டு, அதற்கு என் நம்பரில் ஐயாயிரம் என்று பொய் எழுதச் சொல்கிறார். எழுத முடியாது என்றேன். பில் வேண்டுமென்றால் உண்மையாக வாங்கிய விலையையும் விற்ற விலையையும் வைத்து அவரே பதிவு செய்து போடட்டும் என்றேன். அவர் முகம் சுருங்கியது, வாங்க தம்பி, வேற இடம் பாக்கலாம் என்று வெளியே நடந்தார். தம்பி என்னைப் பார்க்காமல் பின்னாலேயே போனான்.

காவேரிப்பட்டினத்துக்காரர் மட்டும் நின்றார். அவர் காதில் எல்லாம் விழுந்திருந்தது.

"கேட்டீங்களாண்ணா? உங்க மெஷின்தான். ரெண்டு அறுபத்தஞ்சு."

"கேட்டேன்."

"ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"என்னம்மா சொல்றது. வியாபாரம்னா நாலு காசு பாக்கத்தானே செய்வாரு."

"நான் பாத்தா அடிச்சது. அவரு பாத்தா வியாபாரமா?" என்று கேட்டேன். "எழுபதுக்கு என்னை ஊரெல்லாம் திருடின்னு சொன்னீங்க. அவரு ஒன்றரை லட்சம் வச்சிருக்காரு. அவரை ஒரு வார்த்தை கேக்கலாமில்ல?"

கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே எனக்கு விளக்கிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"அவரு அதை எழுதி யாரு கையிலயும் குடுக்கலியேம்மா."