பாவு ஏத்தின பொறவு

அருள்செல்வி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ராஜபாளையம் அகமது கபீரின் பேண்டேஜ் கம்பெனிக்கு அவள் எழுதும் ஸ்டாக் புரோகிராமில் இரண்டாம் கட்டத்தை அன்று ஒப்படைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து கபீரின் தம்பி ஹமீது, "தறிக்கூலியையும் சேர்த்திருங்க" என்று வந்து நின்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்காரர் ஒருவர் வாயால் கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, முடியாத வேலையில் ஒரு வருஷம் மாட்டியவள் அவள். அதற்குப் பிறகுதான் இடையில் வரும் மாற்றங்களுக்கென்று புரொப்போசலில் ஒரு விதி எழுதினாள்.

"மாற்றத்தைத் தாள்ல எழுதுவோம். எத்தனை நாள், எம்புட்டு ரூபாய்னு போடுதேன். அண்ணன் கையெழுத்துப் போட்டாத்தான் தொடுவேன்."

"எங்க துட்டுக்கு எங்களுக்கே சட்டமா?" ஹமீது மேசையில் ஓங்கி அடித்தார். சத்தம் கேட்டு கபீர் வந்தார்.

"பாய், தறியில பாவு நூல் ஏத்தின பொறவு ஆஸ்பத்திரிக்காரன் பேண்டேஜ் அகலத்தை மாத்தச் சொன்னா என்ன செய்வீங்க?" என்று அவரிடம் கேட்டாள் அருள்செல்வி.

"புது ஆர்டர் போடுன்னுவேன்." சொன்னபின்தான் அவருக்கே உறைத்தது. தம்பியை ஒரு பார்வை பார்த்தார்.

ஒத்துக்கொண்டபடி புரோகிராம் ஓடுகிறதா என்று உட்கார்ந்து பார்த்து, ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டு, அந்தக் கட்டத்துக்குரிய செக்கையும் நீட்டினார்.

அவளுக்கு மூச்சு வந்தது. "பில்லுல கம்பெனி பேரைப் பெருசாக்கித் தாரேன் பாய், சும்மாவே."

கபீர் பேனாவை மூடவில்லை. "அதுக்கும் தாள் எழுதும்மா."